அல்வா விற்க ஒரே ஒரு வரி

“நெல்லை ஜங்ஷன் பக்கம் புது அல்வாக்கடை. பழைய கடைகளுக்கு முன்னால எதைச் சொல்லி விற்கிறது?”

ருசியைச் சொல்லாதீங்க, அதில் பழைய பெயர்தான் ஜெயிக்கும். ரயில் ஏறுகிறவருக்குத் தொல்லை, பொட்டலத்தில் நெய் கசிந்து பை பாழாவது. ‘சென்னை வரை நெய் கசியாது’ என்று மட்டும் போடுங்க. கால் கிலோ டப்பா, மூடிக்குக் கீழே ஒட்டிய சீல். சூட்டோடு அடைத்தால் மூடியில் ஆவி வியர்த்து அல்வாமேல் சொட்டும், பூஞ்சை பிடிக்கும், நன்றாக ஆறணும். அடைத்ததை ஒரு ராத்திரி காகிதத்தில் கவிழ்த்து வையுங்க. நெய்ப்பொட்டு தெரிந்தால் அந்த வரியை அச்சடிக்காதீங்க. கூடவே ‘பாரம்பரியம்’, ‘மலிவு’ எல்லாம் சேர்த்தால் எதுவும் மனசில் நிற்காது (டப்பா செலவுக்கு மலிவும் முடியாது). வாங்குகிறவரிடம் ஏன் இதை எடுத்தீங்கன்னு கேளுங்க. ‘நல்லா இருக்கும்னாங்க’ என்றால் வரி போய்ச் சேரலை.