மியூட் செய்வதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை

இந்தத் தைப்பூசத்துக்கு முன்னால் டர்பனில் எங்கள் கோயில் சபை ஆட்களுக்குள் ஒரு மனக்கசப்பு வந்தது. காரணம் ஒரு மின்னஞ்சல். எந்தக் குடும்பம் காவடி எடுக்கிறது, யார் பால் தருகிறார்கள், அன்னதானத்துக்கு யார் காய் நறுக்க வருகிறார்கள் என்று கேட்டு எழுதிய செயலாளர், எல்லார் முகவரியையும் To வரிசையில் போட்டுவிட்டார். வயதான ஆன்ட்டி ஒருவர் "எங்கள் வீட்டிலிருந்து இரண்டு காவடி" என்று பதில் போட்டார். அது எல்லாருக்கும் போனது. அடுத்தடுத்து எல்லாரும் அதே மாதிரி எழுதினார்கள். ஜோகன்னஸ்பர்குக்குக் குடிபோன ஒருவர் "என் பெயரை லிஸ்டிலிருந்து எடுத்துவிடுங்கள்" என்றார். அதுவும் எல்லாருக்கும் போனது. கடைசியில் ஒரு தம்பி, "யாரும் ரிப்ளை ஆல் போடாதீர்கள், கொஞ்சம் யோசித்து அனுப்புங்கள்" என்று எல்லாருக்குமே எழுதினான். ஆன்ட்டி அது தனக்குத்தான் என்று எடுத்துக்கொண்டார். பூக்கட்ட வரவில்லை.

இதில் நான் தம்பியின் பக்கம் இல்லை. அவன் சொன்னது நியாயம்தான். ஆனால் இந்த மாதிரிப் புயலைப் பெரிதாக்குவது முதல் பதில்கள் அல்ல, "நிறுத்துங்கள்", "என்னை எடுத்துவிடுங்கள்" என்று பின்னால் வரும் பதில்கள். 2016 நவம்பரில் இங்கிலாந்தின் அரசு மருத்துவ சேவையான என்.எச்.எஸ்ஸில் ஒரு சோதனை மின்னஞ்சல் தவறுதலாக 8 லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களுக்குப் போனது. அங்கேயும் இதே கதைதான்: என்னை நீக்குங்கள் என்று பலர் எல்லாருக்கும் பதில் போட, மின்னஞ்சல் சேவையே திணறியது. நிறுத்தச் சொல்லும் பதிலைப் படித்த ஒவ்வொருவருக்கும் இன்னொரு பதில் போடத் தோன்றும். அதோடு, எல்லார் முன்னிலையிலும் ஒருவரைத் திருத்தினால் நம் வீடுகளில் அது எத்தனை நாள் பேசப்படும் என்று நமக்குத் தெரியாதா?

புயலை நிறுத்தக்கூடியவர் ஒருவர்தான்: முதலில் அனுப்பியவர். அவர் பழைய இழையில் பதில் போடாமல், புதிதாக ஒரு மின்னஞ்சல் எழுத வேண்டும். To வரிசையில் தன் முகவரி மட்டும், மற்ற எல்லாரும் Bcc வரிசையில். அப்போது யாராவது ரிப்ளை ஆல் அழுத்தினாலும் பதில் அவருக்கு மட்டுமே போகும். எங்கள் செயலாளரைக் கூப்பிட்டு இதைச் சொன்னேன். அவர் எழுதியது இவ்வளவுதான்: "உங்கள் பதில்கள் கிடைத்தன, நன்றி. இனி விவரங்களை எனக்கு மட்டும் அனுப்பினால் போதும்." யாரையும் குறை சொல்லவில்லை. பழைய இழையில் அன்று மாலையே சத்தம் அடங்கியது.

மற்றவர்கள் செய்ய வேண்டியது மியூட். ஜிமெயிலில் அந்த இழையைத் திறந்து மூன்று புள்ளி மெனுவில் Mute என்பதைத் தொட்டால் போதும். புதிய பதில்கள் இன்பாக்ஸில் தலைகாட்டாது, ஆனால் அழிந்தும் போகாது. தேடல் கட்டத்தில் is:muted என்று போட்டால் எல்லாம் அப்படியே இருக்கும். அதே இழையில் யாராவது உங்களுக்கு மட்டும் எழுதினால் அது இன்பாக்ஸுக்குத் திரும்பி வரும்.

அவுட்லுக்கில் இருக்கும் Ignore அப்படியல்ல, அங்கே கவனம் வேண்டும். அது அந்த இழையில் இருப்பதையும் இனி வருவதையும் Deleted Items பெட்டிக்குத் தள்ளிவிடும். ஊர்வலம் கிளம்பும் நேரம் மாறிவிட்டது என்று அதே இழையில் யாராவது எழுதினால் அதுவும் அங்கேதான் போகும். அதனால் காவடி முடியும்வரை Ignore வேண்டாம் என்பேன். முக்கியமான மாற்றத்தை அனுப்புகிறவரும் புதிய தலைப்பில் அனுப்ப வேண்டும். பழைய இழையை மூடி வைத்தவர்களுக்கும் அது போய்ச் சேரும்.

வாட்ஸப்பிலும் பலர் மியூட் செய்யத் தயங்குகிறார்கள். "மாமாவுக்குத் தெரிந்தால் வருத்தப்படுவாரே" என்று என் அக்காவே கேட்டாள். தெரியாது. நீங்கள் மியூட் செய்தது குழுவில் யாருக்கும் காட்டாது. உங்கள் பெயரை @ போட்டுக் கூப்பிட்டாலோ, உங்கள் செய்திக்குப் பதில் எழுதினாலோ அறிவிப்பு வரும். 8 மணி நேரம், 1 வாரம், எப்போதும் என்று மூன்று அளவு இருக்கிறது. திருவிழா வாரத்தில் நான் 8 மணி நேரம்தான் போடுகிறேன், இரவு தூக்கத்துக்கு அது போதும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: மியூட் சத்தத்தைத்தான் நிறுத்தும், படங்களும் வீடியோக்களும் இறங்குவதை நிறுத்தாது. டேட்டா வாங்கி வாங்கிப் போடும் தாத்தா பாட்டிகளின் போனில் Media auto-download அமைப்பையும் சேர்த்து அணைத்துக் கொடுங்கள்.

ஆன்ட்டியிடம் நானே போனில் பேசினேன். தம்பி எழுதியதைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்கவில்லை. "உங்கள் இரண்டு காவடியும் லிஸ்டில் ஏறிவிட்டது ஆன்ட்டி, மயிலிறகு யார் கொண்டுவருகிறார்கள்?" என்று மட்டும் கேட்டேன். அரை மணி நேரம் பேசினார்.