கவலை இல்லாத கூட்டமாம்!

நேற்றைய வீடியோவைப் பற்றித்தான். கறுப்புக் கோட்டும் தாடியுமாக வட்டம் கட்டி ஆடுகிற ஹசிதிய யூதர்கள் என்ற பக்திப் பிரிவினர், மேலே "கவலை இல்லாத கூட்டம், குடுத்து வச்சவங்க" என்று நம் நண்பரின் வாசகம், கீழே நானூறு சிரிப்பு. "கவலை இல்லாததால் ஆடவில்லை" என்று ஒரு வரி எழுதினேன். "மேடம் வந்துட்டாங்க க்ளாஸ் எடுக்க" என்றார் ஒருவர். சரி, எடுத்துவிடுகிறேன்.

எப்போதும் மகிழ்ச்சியாக இருப்பது பெரிய கடமை என்று சொன்ன ஹசிதிய குரு பிரஸ்லவ் ரபி நக்மன், 1806இல் கைக்குழந்தை மகனைப் பறிகொடுத்தவர். அடுத்த ஆண்டு மனைவி போனார். பிறகு காசநோய். 1810இல் உக்ரைனின் உமான் ஊரில் சாகும்போது வயது 38. குடுத்து வச்சவர்தான், இல்லையா?

அவர் சொன்ன உவமை இது. எல்லாரும் ஆடுகிறார்கள், ஒருவன் மட்டும் துக்கத்தோடு வெளியே நிற்கிறான். அவன் மறுத்தாலும் கையைப் பிடித்து உள்ளே இழுக்கிறார்கள். அதுபோல மனிதன் தன் துயரத்தையே துரத்திப் பிடித்து வட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்கிறார். துயரத்தைத் துரத்திவிடச் சொல்லவில்லை, துரத்திப் பிடிக்கச் சொல்கிறார். உடைந்த மனதோடு கடவுளிடம் தனியே பேச தினம் ஒரு மணி நேரம் ஒதுக்கவும் அவரே சொன்னார். அழுகைக்கு அங்கே நேரம் உண்டு. நாள் முழுக்க அதிலேயே கிடந்தால் மனம் இறுகிவிடும், இறுகிய மனதால் வேண்ட முடியாது. அதற்குத்தான் பாட்டு, ஆட்டம், ஒன்றும் வராவிட்டால் கோமாளித்தனம்கூட. அவர்களுடைய 'நிகுன்' மெட்டுகள் பலவற்றில் சொற்களே கிடையாது. சொல்ல வார்த்தை வராதவனும் பாடலாம்.

"அதுக்காக வழிபாட்டுல கூத்தா?" என்பீர்கள். புதுக் கேள்வி இல்லை. தொழுகையில் குட்டிக்கரணம் போடுகிறார்கள் என்பதையும் ஒரு குற்றமாக அடுக்கித்தான் 1772இல் லிதுவேனியாவின் வில்னா நகர யூதப் பெரியவர்கள் இவர்களை விலக்கிவைத்தார்கள். "அந்த வட்டத்தில் உன்னைச் சேர்ப்பார்களா?" என்றும் கேட்பீர்கள். சேர்க்க மாட்டார்கள், பெண்களுக்குத் தனி இடம்தான். வலிக்கிறது, பதில் இல்லை, விடுங்கள்.

அம்மா போன இருபதாம் நாள், பாத்திரம் கழுவும்போது என்னையறியாமல் ஏதோ முணுமுணுத்திருக்கிறேன். "மாசம்கூட ஆகல, பாட்டு கேக்குதாக்கும்?" என்றார் அத்தை. அன்றைக்கு வாயை மூடியவள்தான். அந்த முணுமுணுப்பில் அம்மா இருந்தாள், அத்தை. அதை உங்களிடம் எப்படிச் சொல்வது என்று எட்டு வருஷமாகத் தெரியவில்லை.

நண்பரே, வீடியோவை இன்னொரு தரம் பாருங்கள். இடது ஓரத்தில் ஒரு கிழவர், கண்ணை மூடிக்கொண்டு, பக்கத்துப் பையனின் தோளைப் பிடித்தபடி கால் மாற்றி வைக்கிறார். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அந்த வாசகத்தை வைத்துக்கொள்வதா எடுப்பதா என்று நீங்களே முடிவு பண்ணுங்கள்.