புகை வந்தும் தீ வராதது ஏன்?

“ராமநாதபுரம் கடற்கரையில் மரப்பலகைக் குழியில் கோலை வைத்து எவ்வளவு கடைந்தாலும் புகைதான் வருகிறது, தீ ஏன் பிடிக்கவில்லை?”

ஐயா, பலகைக் குழியின் ஓரத்தில் ஆப்பு வடிவ வெட்டு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உதிரும் மரத்தூள் அந்த வெட்டில் ஒன்றாகக் குவிந்து, தன் சூட்டைத் தானே காத்துக்கொண்டால்தான் கங்கு பிறக்கும், சிதறினால் ஆறிவிடும். தூள் இளம்பழுப்பாக இருந்தால் அழுத்தமோ வேகமோ போதவில்லை. கருத்துப்போய், கோலை எடுத்த பின்னும் புகைந்தால் கங்கு பிடித்துவிட்டது. கீச்சென்று ஒலித்துக் குழி பளபளத்தால் சிறிது மணல் தூவுங்கள். நம் உப்புக்காற்றில், கங்கிலிருந்து தீ மூட்டும் தேங்காய் நார் எளிதில் நமுத்துவிடும் (மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம்), ஆகவே அதை வெயிலில் நன்றாகக் காயவைத்துச் சூடு ஆறுமுன் பயன்படுத்துங்கள். கடைவதற்குப் பதிலாகச் சக்கிமுக்கிக் கற்கள் இரண்டை ஒன்றோடொன்று தட்டுவது வீண். சக்கிமுக்கிக் கல்லை எஃகிலோ பைரைட் என்னும் இரும்புக் கந்தகக் கல்லிலோ அடித்தால்தான் அவற்றின் துகள் காற்றில் எரிந்து, பற்றவைக்கும் பொறியாகிறது.