சிப் கார்டை காப்பி அடிக்க முடியுமா?

"கடை மெஷின்ல கார்டை சொருகினா சிப்புல இருக்கறத அப்படியே காப்பி எடுத்து டூப்ளிகேட் கார்டு போட்டு காசை உருவிடறாங்க, எல்லாருக்கும் ஷேர் பண்ணுங்க!"

இது தப்புங்க. சிப்புக்குள்ள பேங்க் வச்ச ஒரு ரகசிய கீ இருக்கு, அது எந்த மெஷினுக்கும் வெளிய வராது, கணக்கு போட்டு விடையை மட்டும்தான் சிப் வெளிய தரும்.

850 ரூபாய்க்கு மளிகை வாங்கறீங்கன்னு வைங்க. மெஷின் தொகை, தேதி, கூடவே அப்பவே உருவாக்கின ஒரு ரேண்டம் நம்பர் எல்லாத்தையும் சிப்புக்கு அனுப்பும், சிப் இது எத்தனாவது தடவைன்னு எண்ணி வைக்கற தன் கவுன்ட்டரை 57ல இருந்து 58 ஆக்கிட்டு, அந்த 58ஐ வச்சு இந்த ஒரு தடவைக்கு மட்டும் ஒரு கீ செஞ்சு, எல்லாத்தையும் சேர்த்து கிரிப்டோகிராம்ங்கற 8 பைட் ரகசிய விடை ஒண்ணு தரும். பேங்க்கும் அதே கணக்கை தன் பக்கம் போட்டு பாக்கும், பொருந்தினாதான் அப்ரூவல். திருடன் அந்த 8 பைட்டை பிடிச்சு வச்சு 5,000 ரூபாய்க்கு அனுப்பினா தொகை மாறிடுச்சு, கணக்கு இடிக்கும், டிக்ளைன். அதே 850க்கு அனுப்பினாலும் 58 ஏற்கெனவே வந்துடுச்சேன்னு பேங்க் கண்டுபிடிச்சிடும்.

உண்மையான ஆபத்து வேற இடத்துல இருக்கு. கார்டுக்குப் பின்னாடி இருக்கற கருப்பு பட்டையில தகவல் மாறவே மாறாது, ஸ்கிம்மர்ங்கற திருட்டு கருவி வச்சு காப்பி எடுக்கறது அதைத்தான். ஆன்லைன்ல கார்டு நம்பர் டைப் பண்றப்பவும் இந்த சிப் வேலையே செய்யாது, அதனால சிவிவி, ஓடிபி ரெண்டையும் யாருக்கும் சொல்லாதீங்க.