புழு மருந்து டூப்ளிகேட்டா, புழு மருந்துக்குப் பழகிவிட்டதா?

வெள்ளாட்டுக்குப் புழு மருந்து ஊற்றியும் கேட்கவில்லை என்றால், எங்கள் உசிலம்பட்டிப் பக்கம் முதலில் திட்டு வாங்குவது மருந்துக் கடைக்காரர்தான். "டூப்ளிகேட் சரக்கைத் தள்ளிவிட்டுட்டான்" என்று சொல்லிவிட்டு வேறு கம்பெனி பாட்டில் வாங்கி வருவார்கள். முன்பு வாங்கியது அல்பென்டசோல், இப்போது வாங்கியது ஃபென்பென்டசோல். இரண்டும் ஒரே குடும்பத்து மருந்துகள். ஒன்றுக்குச் சாகாத புழு பெரும்பாலும் மற்றதற்கும் சாகாது. பெயர் மாறினாலும் உள்ளே போவது கிட்டத்தட்ட அதே சரக்குதான்.

என் மச்சான் பட்டியிலும் ஐப்பசி மழைக்குப் பிறகு இதே கதை. சில ஆடுகளுக்குத் தாடைக்குக் கீழே நீர் கோத்து வீங்கியிருந்தது. கண் இமையை விலக்கிப் பார்த்தால் உள்பக்கம் வெளுத்துக் கிடந்தது. மழைக்காலத்தில் இரைப்பையில் ஒட்டி ரத்தம் குடிக்கும் புழுவின் வேலை இது. இன்னொரு பாட்டில் வாங்கப் போனவரைத் தடுத்து, புழுக்கைப் பரிசோதனைக்குச் சம்மதிக்க வைத்தேன்.

இந்தப் பரிசோதனையில் எண்ணுவது புழுவை அல்ல, முட்டையை. 4 கிராம் புழுக்கையை 56 மில்லி அடர்ந்த உப்புக் கரைசலில் கரைத்து வடிகட்டி, முட்டை எண்ணுவதற்கென்றே கட்டம் போட்ட மெக்மாஸ்டர் கண்ணாடிச் சில்லில் விட்டுச் சில நிமிடம் வைத்தால் முட்டைகள் மேலே மிதந்து வரும். சில்லில் உள்ள இரண்டு அறையின் கட்டங்களுக்குள்ளும் நுண்ணோக்கியில் தெரியும் முட்டைகளைக் கூட்டி 50ஆல் பெருக்கினால், ஒரு கிராம் புழுக்கையில் எத்தனை முட்டை என்பது கிடைக்கும். 24 முட்டை கண்ணில் பட்டால் 1,200. ஒன்றுமே படவில்லை என்றால் புழுவே இல்லை என்று அர்த்தம் இல்லை. எண்ணிக்கை 50க்குக் கீழே இருக்கலாம். தட்டைப்புழுவின் முட்டை கனமானது, உப்புக் கரைசலில் சரியாக மிதக்காது. அதைப் படியவைத்துத் தனியாகப் பார்க்க வேண்டும்.

என்னைக் கேட்டால், மருந்து வேலை செய்கிறதா என்பதற்கு ஒற்றை ரிப்போர்ட் எதையும் சொல்லாது. மருந்து கொடுத்த பின் 360 என்று வந்தால் அது நல்லதா கெட்டதா? முன்னால் எவ்வளவு இருந்தது என்று தெரியாமல் எப்படிச் சொல்வது?

அதனால் மச்சான் பட்டியில் பத்துப் பத்து ஆடாக இரண்டு கூட்டம் பிரித்தோம். காதில் அடையாளம் போட்டு, ஆசனவாயிலிருந்தே புழுக்கை எடுத்து, காற்றில்லாமல் கட்டி ஐஸ் பெட்டியில் கொண்டுபோனோம். வெயிலில் கிடந்தால் முட்டை பொரிந்து எண்ணிக்கை குறைந்துவிடும், மருந்து நன்றாக வேலை செய்ததுபோல ஏமாற்றும். ஒரு கூட்டத்துக்கு ஃபென்பென்டசோல், இன்னொன்றுக்கு வேறு குடும்பத்து மருந்தான லெவமிசோல். முதல் கூட்டத்தை 14 நாள் கழித்தும், லெவமிசோல் கூட்டத்தை ஒரு வாரத்திலும் மறுபடி எண்ணினோம். ஃபென்பென்டசோல் கூட்டத்தை அவசரப்பட்டு எண்ணினால், மருந்தால் முட்டை இடுவதை மட்டும் நிறுத்திய புழுவும் செத்த கணக்கில் சேர்ந்துவிடும்.

ஃபென்பென்டசோல் கூட்டத்தின் சராசரி 1,200லிருந்து 360க்கு வந்தது. அதாவது 70 சதவீதம் குறைவு. லெவமிசோல் கூட்டத்தில் 1,100 வெறும் 20 ஆனது, 98 சதவீதம். குறைவு 95 சதவீதத்துக்குக் கீழே போனாலே சந்தேகப்பட வேண்டும். 70 என்பது சந்தேகத்துக்கு இடமே வைக்கவில்லை. "முக்கால்வாசி செத்துருச்சே, போதாதா?" என்றார் மச்சான். மிச்சம் நிற்பது மருந்தைத் தாங்கிய புழு. அடுத்த தலைமுறை அதிலிருந்துதான் வரும்.

இதைச் சொல்லும் முன் அளவையும் சரிபார்க்க வேண்டும். வெள்ளாட்டு உடம்பு மருந்தைச் சீக்கிரம் கழித்துவிடும். ஃபென்பென்டசோல் செம்மறிக்கு எடை கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்றால், வெள்ளாட்டுக்கு 10 வேண்டும். 25 கிலோ கிடாவைக் கண்ணளவில் 18 என்று முடிவு செய்து, செம்மறி அளவில் ஊற்றினால் தேவையில் பாதிகூடப் போகாது. அப்போது புழு பிழைத்தது எதிர்ப்பாலா, மருந்து பத்தாததாலா என்று சொல்ல முடியாது. நாங்கள் தராசில் நிறுத்தி, டாக்டர் சொன்ன அளவில்தான் கொடுத்தோம். லெவமிசோலுக்கு எடை இன்னும் முக்கியம். அளவு மிஞ்சினால் ஆடு எச்சில் ஒழுக்கி நடுங்க ஆரம்பித்துவிடும்.

அப்புறம் லெவமிசோலையாவது எல்லா ஆட்டுக்கும் மாதாமாதம் ஊற்றிவிடலாம் என்று மச்சான் கிளம்பினார். அதையும் வேண்டாம் என்றேன். கண் இமை வெளுத்த ஆட்டுக்கு மட்டும் கொடுத்து, தெம்பாக இருப்பதை விட்டுவிட்டால், மருந்துக்குச் சாகும் புழுவும் மேய்ச்சல் நிலத்தில் கொஞ்சம் மிஞ்சி, மருந்தைத் தாங்கும் புழுவோடு கலக்கும். தாங்கும் புழு மட்டுமே பெருகிவிடாது. "புழுவைத் தெரிஞ்சே வயித்துல விடச் சொல்றீங்களா மாப்ள?" என்று இன்னும் முறைத்துக்கொண்டுதான் இருக்கிறார். ஆனால் இந்த முறை இமையைப் பார்த்துத்தான் ஊற்றியிருக்கிறார்.