"தயங்காமல் கேளுங்கள்" என்று எழுதினால் யாரும் கேட்பதில்லை

புதிதாக மேனேஜர் ஆகியிருக்கும் நண்பன் ஒருவன் நேற்று ஒரு மெசேஜை அனுப்பி, "திங்கட்கிழமை டீம்ல ஒரு ஆள் சேர்றாரு. வரவேற்று எழுதியிருக்கேன், கொஞ்சம் பார்த்துச் சொல்லுடா" என்றான். படித்தேன். "எங்கள் குடும்பத்தில் ஒருவராக உங்களை வரவேற்பதில் பெருமகிழ்ச்சி" என்று ஆரம்பித்து, "எந்த உதவி வேண்டுமானாலும் தயங்காமல் கேளுங்கள்" என்று முடிந்திருந்தது. நடுவில் ராக்கெட் படம் இரண்டு.

தப்பாக எதுவும் இல்லை. அந்த மெசேஜுக்கு என்ன பதில் வரும் என்பதையும் இப்போதே சொல்லிவிடலாம். "நன்றி சார். ஆவலாக இருக்கிறேன்." அவ்வளவுதான் வரும், ஏனென்றால் அதற்கு மேல் பதில் எழுத அதில் ஒன்றுமே இல்லை.

வரவேற்பு மெசேஜ் வேலை செய்ததா இல்லையா என்று பார்க்க நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றே ஒன்று. வருகிற பதிலில் ஒரு கேள்வி இருக்கிறதா? இருந்தால் அந்த ஆளுக்கு நம்மிடம் பேச வாய் வந்துவிட்டது. வெறும் நன்றி மட்டும் வந்தால், நாம் அனுப்பியது நோட்டீஸ் போர்டில் ஒட்டும் காகிதம்.

இதை நான் புத்திசாலித்தனத்தால் கண்டுபிடிக்கவில்லை, சொதப்பித்தான் கற்றுக்கொண்டேன். சில வருடங்களுக்கு முன் என் டீமில் ஒரு பெண் சேர்ந்தார். நண்பன் எழுதியதைவிட அலங்காரமாக எழுதி அனுப்பினேன். அதையும் எங்கே அனுப்பினேன் தெரியுமா? அவருக்காக உருவாக்கியிருந்த ஆபீஸ் மெயில் ஐடிக்கு. சேர்கிற அன்று ஐடி கார்டு, லேப்டாப், பாஸ்வேர்டு எல்லாம் கைக்கு வந்த பிறகுதான் அந்த மெயிலே திறக்கும் என்பது எனக்கு உறைக்கவில்லை. அவர் என் வரவேற்பைப் படித்தபோது மணி 11.30. அதற்கு முன் 2 மணி நேரம் ரிசப்ஷன் சோபாவில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். நான் அப்போது மீட்டிங்கில் இருந்தேன். வெளியே வந்து நன்றாகச் சிரித்துப் பேசினேன், எல்லாம் சரியாகப் போகிறது என்றே நினைத்தேன்.

மூன்று மாதம் கழித்து ஏதோ பேச்சுவாக்கில் அவரே சொன்னார். "முதல் நாள் மதியம் நான் சாப்பிடவே இல்ல சார். டப்பா பையிலேயே இருந்துச்சு. எல்லாரும் எப்போ எழுந்து போவாங்கன்னு தெரியல. பக்கத்துல இருந்தவங்க ஹெட்போன் போட்டிருந்தாங்க. ஒரு மணிக்கு எழுந்தா சீக்கிரம்னு நினைப்பாங்களோன்னு உட்கார்ந்தேன், அப்புறம் பார்த்தா மணி மூணு."

"என்கிட்ட கேட்டிருக்கலாமே? எதுன்னாலும் கேளுங்கன்னுதானே எழுதியிருந்தேன்" என்றேன். அவர் சிரித்தார். "மேனேஜர்கிட்ட போய் எப்போ சாப்பிடலாம்னு கேட்பாங்களா சார்?"

கேட்க மாட்டார்கள்தான். "எது வேண்டுமானாலும்" என்று நாம் எழுதும்போது, எது கேட்கத் தகுந்த கேள்வி, எது சில்லறைக் கேள்வி என்று தரம் பிரிக்கும் வேலையைப் புதிதாக வருகிறவர் தலையில் கட்டிவிடுகிறோம். அவரோ நம் கண்ணில் நல்லபடியாகத் தெரிய வேண்டும் என்ற கவலையில் இருக்கிறார், எல்லாக் கேள்வியுமே சில்லறையாகத்தான் படும். ஆகவே சிநேகமான தொனி என்பது இனிக்க இனிக்க எழுதுவதில் வராது. அவர் வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படும் மூன்று நான்கு விஷயங்களை, கேட்பதற்கு முன்பே நாம் சாதாரணமாகச் சொல்லிவிடுவதில் வரும்.

அடுத்த ஆள் சேரும்போது, எழுதுவதற்கு முன்னால் அந்தப் பெண்ணையே கூப்பிட்டேன். "உங்களுக்கு அன்னிக்கு என்னெல்லாம் தெரியாம இருந்துச்சு?" என்று கேட்டேன். யார் வந்து அழைத்துப் போவார்கள், என்ன உடுத்துவது, மேனேஜரை எப்படிக் கூப்பிடுவது, சாப்பாடு எப்போது, எத்தனை மணிக்குக் கிளம்பலாம் என்று அடுக்கினார். வேலையைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை, கவனியுங்கள். வேலையைப் பற்றித்தான் இன்டர்வியூவில் மூன்று சுற்று பேசியாகிவிட்டதே.

பிறகு ஐடி பிரிவுக்குப் போன் போட்டு லேப்டாப் எப்போது தயாராகும் என்று கேட்டுக்கொண்டேன். அதன் பிறகுதான் எழுத உட்கார்ந்தேன். வியாழக்கிழமை மதியம், அவருடைய சொந்த மெயிலுக்கு அனுப்பினேன். ஞாயிறு இரவு அனுப்பினால் லீவு நாளிலும் மெயில் பார்க்கும் டீம் என்று நினைத்துக்கொள்வார். திங்கள் காலை அனுப்பினால் படிக்கும்போது பஸ்ஸில் இருப்பார். வியாழன் என்றால் கேள்வி கேட்கவும் நான் பதில் சொல்லவும் வெள்ளிக்கிழமை ஒரு முழு நாள் இருக்கிறது. எழுதியது இதுதான், பெயரை மட்டும் எடுத்துவிட்டேன்.

"வணக்கம். திங்கட்கிழமை நீங்கள் சேர்வதில் எங்களுக்குச் சந்தோஷம். காலை 10 மணிக்கு வந்தால் போதும். ரிசப்ஷனில் என் பெயரைச் சொல்லுங்கள், நானே கீழே வந்து அழைத்துப் போகிறேன். லேப்டாப் 11 மணிக்குத்தான் கைக்கு வரும், அதுவரை நாம் இருவரும் காபி குடித்துக்கொண்டே பேசலாம். முதல் வாரம் உங்கள் பக்கத்து இருக்கையில் இருப்பவர் உங்களுக்குத் துணை. மதியம் 1 மணிக்கு எல்லோரும் சாப்பிட எழுவோம், அவரே வந்து கூப்பிடுவார். சாதாரண உடை போதும். டீமில் என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள், உங்களுக்கு 'சார்' தான் வருகிறது என்றால் அதுவும் சரி. 6 மணிக்குக் கிளம்பிவிடலாம், அதற்குச் சொல்லிக்கொண்டு போக வேண்டியதில்லை. முதல் மாதம் உங்களிடம் எதையும் முடித்துத் தரச் சொல்லப் போவதில்லை. நம் வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்து, புரியாததைக் குறித்து வையுங்கள், தினமும் 4 மணிக்கு அரை மணி நேரம் அதற்காக ஒதுக்கியிருக்கிறேன். உங்களிடம் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். இதற்கு முன் பார்த்த வேலையில் உங்கள் நாள் எப்படிப் போனால் நன்றாகப் போனதாக நினைப்பீர்கள்? இரண்டு வரி எழுதினால் போதும், திங்கட்கிழமை நேரில் சொன்னாலும் சரி."

இதில் "மகிழ்ச்சி" வகையறா ஒரே ஒரு வரி. மீதி எல்லாம் மணியும் இடமும்தான். ஆனாலும் இதைப் படிக்கும்போது, எதிரில் ஒருவர் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கும். "தினமும் 4 மணிக்கு" என்ற வரியைப் பாருங்கள். "எப்போது வேண்டுமானாலும் வாருங்கள்" என்று எழுதியிருந்தால் பெருந்தன்மையாகத் தெரியும், வரத்தான் மாட்டார்கள். 4 மணி என்றால் வருவார்கள், ஏனென்றால் அது அவருக்கென்று எடுத்து வைத்த நேரம், என் வேலையில் குறுக்கிடுகிறோமே என்ற எண்ணம் வராது.

'சார்' விஷயத்தை எழுதும்போது நிறைய யோசித்தேன். "என்னைப் பெயர் சொல்லியே கூப்பிடுங்கள்" என்று உத்தரவு மாதிரி எழுதும் மேனேஜர்கள் உண்டு. பத்து வருடமாக 'சார்' சொல்லிப் பழகிய வாய்க்கு அது இன்னொரு சங்கடம். பெயரும் சொல்ல முடியாமல், 'சார்' என்றும் சொல்ல முடியாமல், கூப்பிடுவதையே தவிர்த்து, நம் மேஜைப் பக்கம் வந்து நின்று லேசாக இருமுவார்கள். பார்த்திருக்கிறேன்.

கடைசிக் கேள்வியை வைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. டேனியல் கேபிள், ஃபிரான்செஸ்கா ஜினோ, பிராட்லி ஸ்டாட்ஸ் மூவரும் விப்ரோவின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் சேர்ந்தவர்களை வைத்துச் செய்த ஆய்வு 2013-இல் வெளியானது. புதிதாகச் சேர்ந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு முதல் நாளில் நிறுவனத்தின் பெருமையை எடுத்துச் சொன்னார்கள், நிறுவனத்தின் பெயர் போட்ட சட்டை கொடுத்தார்கள். இன்னொரு பகுதியினரிடம் அவர்களைப் பற்றிக் கேட்டார்கள், எப்போது அவர்கள் சிறப்பாக வேலை செய்கிறார்கள் என்று யோசிக்க வைத்தார்கள், அவரவர் பெயர் போட்ட சட்டை கொடுத்தார்கள். மாதங்கள் கழித்துப் பார்த்தபோது, தங்களைப் பற்றிக் கேட்கப்பட்டவர்களில் வேலையை விட்டுப் போனவர்கள் குறைவாக இருந்தார்கள், அவர்களிடம் பேசிய வாடிக்கையாளர்களும் அதிகத் திருப்தியோடு இருந்தார்கள். அங்கே நடந்தது ஒரு மணி நேர அமர்வு, நான் எழுதியது ஒரு வரி. இரண்டும் ஒன்றாகிவிடாது. ஆனால் பேச்சு யாரைப் பற்றி இருக்க வேண்டும் என்ற திசை அதிலிருந்து கிடைத்தது.

சாயந்திரமே பதில் வந்தது. என் கேள்விக்கு நான்கு வரி எழுதியிருந்தார், யாரும் குறுக்கிடாமல் இரண்டு மணி நேரம் கிடைத்த நாள்தான் நல்ல நாள் என்று. அதற்குக் கீழே, "ஒரு சின்ன சந்தேகம் சார். செவ்வாயும் வியாழனும் நான்தான் பிள்ளையை ஸ்கூல்ல விடணும். வர 10.15 ஆகலாம். பிரச்சினை ஆகுமா?"

பிரச்சினையே இல்லை, அந்த இரண்டு நாளும் காலை மீட்டிங்கை 10.30-க்குத் தள்ளினேன், அவ்வளவுதான். இதை அவர் கேட்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். செவ்வாய்க்கிழமைதோறும் மூச்சு வாங்க ஓடி வந்திருப்பார். டிராஃபிக் என்று ஒரு பொய் சொல்லியிருப்பார். இரண்டு மாதத்தில் நானும் "ஆள் நேரத்துக்கு வர்றதில்ல" என்று ஒரு முடிவுக்கு வந்திருப்பேன்.

டீம் குரூப்பில் போடும் அறிவிப்பு தனிக் கதை. பலர் ஒரே மெசேஜை இரண்டு இடத்திலும் ஒட்டிவிடுகிறார்கள். நான் ஒருமுறை குரூப்பில், "இவர் வந்துவிட்டார், இனி நம் தாமதங்களெல்லாம் தீர்ந்துவிடும்" என்று உற்சாகமாக எழுதிவிட்டேன். பாராட்டாகத்தான் எழுதினேன். ஏற்கெனவே ராத்திரி பகலாக உழைத்துக்கொண்டிருந்த நான்கு பேர் அதை எப்படிப் படித்திருப்பார்கள்? அன்று அந்தப் புதியவரோடு யாரும் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போதெல்லாம் அவர் என்ன வேலையைப் பார்க்கப் போகிறார், அதனால் யாருடைய சுமை குறைகிறது என்று மட்டும்தான் குரூப்பில் எழுதுகிறேன். அவரைப் பற்றிய சொந்த விவரம் எதையாவது சேர்ப்பதாக இருந்தால் முதலில் அவரிடமே கேட்டுவிடுவேன்.

சிநேகமாக எழுதுகிறேன் என்று இல்லாத உறவைக் கொண்டாடுவதும் எனக்குப் பிடிக்காது. ஆறு மாத புரொபேஷன் முடிவில் அவர் இருப்பதா போவதா என்று அறிக்கை எழுதப் போவது நான்தான். அதனால் "நாம் எல்லோரும் நண்பர்கள்" என்று எழுத என் கை வராது. முதல் மாதம் எதிர்பார்ப்பு என்ன என்று நேராகச் சொல்லிவிடுவது அதைவிட நிம்மதி தரும்.

சொன்னபடி நடக்காமலும் போகும். ஒருமுறை 11 மணி லேப்டாப் மறுநாள்தான் வரும் என்று ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது. "லேப்டாப் செவ்வாய்க்கிழமைதான் வருகிறது. நாளை என் கூடவே மீட்டிங்குகளில் உட்காருங்கள்" என்று உடனே ஒரு வரி அனுப்பினேன். லீவு நாளில் மெயில் அனுப்பக்கூடாது என்ற என் விதியை நானே மீறிய ஒரே சந்தர்ப்பம் அது.

நண்பனுக்கு வருகிறேன். அவன் மெசேஜில் ஒரு எழுத்தைக்கூட நான் திருத்தவில்லை. போன் போட்டு, "திங்கட்கிழமை காலையில ரிசப்ஷன்ல அவரை யாருடா கூப்பிடப் போறது?" என்று கேட்டேன்.

"ஹெச்ஆர் பார்த்துப்பாங்க."

"ஹெச்ஆர்ல யாரு? லேப்டாப் வந்தாச்சா? பக்கத்துல யார் உட்காருவாங்க?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அதெல்லாம் இன்னும் கேக்கலடா" என்றான்.

"அப்போ அதைக் கேட்டுட்டு வந்து எழுது. இன்னிக்கு செவ்வாய்தானே, நேரம் இருக்கு" என்று வைத்துவிட்டேன்.