சுட்டுத் தள்ளினால்தான் திரில்லரா?

கொலை விசாரணை எப்படி நடக்கிறது என்பதையே கதையாகக் கொண்ட, நிதானமான, மனத்தை இறுக்கும் வெளிநாட்டுப் படம் ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்டால், ஊரையே சுட்டுத் தள்ளிப் பழிவாங்கும் நாயகனின் படத்தைத்தான் நம் தலையில் கட்டுகிறார்கள். ஓடிடி தளங்களோ இரண்டையும் ‘கிரைம் திரில்லர்’ என்ற ஒரே கூடையில் கொட்டிவிட்டுக் கைகழுவுகின்றன.

நூரி பில்கே ஜெய்லான் 2011இல் எடுத்த ‘ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் அனடோலியா’ என்ற துருக்கியப் படத்தைப் பாருங்கள். கொலையாளி பிடிபட்டு, குற்றத்தையும் ஒப்புக்கொண்டுவிட்டான். ஆனால் பிணத்தைப் புதைத்த இடம் குடிபோதையில் மறந்துவிட்டது. ஒரு நீரூற்றும் உருண்டையான மரமும் மட்டுமே அவனுக்கு நினைவிருக்கின்றன. காவல் அதிகாரி, அரசு வழக்கறிஞர், மருத்துவர் எல்லோரும் மூன்று வண்டிகளில் அவனை ஏற்றிக்கொண்டு, ஒன்றுபோலவே இருக்கும் மேட்டு நிலங்களில் இரவு முழுவதும் அலைகிறார்கள். பிணம் கிடைத்த பிறகுதான் அதைச் சுற்ற உறை கொண்டுவரவில்லை என்பது தெரிகிறது. அடுத்த நாள் பிரேதப் பரிசோதனை அறிக்கையில் எதை எழுதுவது, எதை விடுவது என்று மருத்துவர் தயங்கும் அந்த நேரத்தில் இருக்கிற பதற்றம் எந்தத் துப்பாக்கிச் சண்டையிலும் இல்லை. இதைப் பார்த்துவிட்டு ‘ஒன்றுமே நடக்கவில்லை’ என்று விமர்சனம் எழுதுபவரிடம் என்ன பேசுவது!

டொமினிக் மோல் இயக்கிய ‘தி நைட் ஆஃப் தி 12த்’ (2022) என்ற பிரெஞ்சுப் படம் இன்னும் நேர்மையானது. இந்த வழக்கு துலங்காது என்பதைத் தொடக்கத்திலேயே உணர்த்திவிடுகிறது. சந்தேகத்துக்குரியவர்களை ஒவ்வொருவராக விசாரிப்பதும், அறிக்கை எழுதி எழுதிக் காவலர்கள் சலித்துப்போவதும்தான் படம். கொலையாளி யார் என்று தெரிந்தே ஆகவேண்டும் என்பவர்கள் தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள்.

டிரெய்லரை நம்பித் தேர்ந்தெடுப்பது வீண். இரண்டு மணி நேரப் படத்தில் யாராவது ஓடுகிற இருபது நொடிகளைத் தேடிப்பிடித்து, முரசொலியைச் சேர்த்து வெட்டிவிடுகிறார்கள். அதைவிடக் கதைச்சுருக்கத்தைப் படியுங்கள். ‘பழிவாங்க’, ‘நேரம் குறைவு’ போன்ற சொற்கள் வந்தால் விலகிவிடலாம். தொடர் என்றால் ஒரு வழக்குக்கு எத்தனை பகுதிகள் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று பாருங்கள். 2007இல் வந்த டென்மார்க்கின் ‘ஃபோர்பிரைடெல்சென்’ முதல் பருவத்தில் ஒரே கொலைக்கு இருபது பகுதிகள், பகுதிக்கு ஒரு நாள். அதனால்தான் மகளை இழந்த பெற்றோரின் வீட்டில் நம்மை அவ்வளவு நேரம் உட்காரவைக்க முடிகிறது.

இதிலும் போலிகள் உண்டு. திரைக்கு நீலச்சாயம் பூசி, மழையைக் கொட்டவிட்டு, துப்பறிபவருக்கு ஒரு விவாகரத்தையும் கொடுத்துவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். முதல் அரைமணி நேரத்தில் ஒருவராவது வாக்குமூலம் பதிவு செய்கிறாரா, தடயத்தை ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறாரா? இல்லையென்றால் அணைத்துவிடுங்கள். ஆனால் அந்த முடிவைப் படத்தின் இயல்பான வேகத்தில் பார்த்து எடுங்கள். ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிவிட்டு ஒற்றை நட்சத்திரம் போடாதீர்கள்.